வோட்டர் ஐடி இருந்தும் ஓட்டு போட முடியாதா? ஹைதராபாத்தில் முதல்முறை வாக்களிக்கப் போகும் தமிழர்களுக்கான வீடியோ விளக்கம்

கையில வோட்டர் ஐடி இருக்கு, வயசும் பதினெட்டு தாண்டியாச்சு, தேர்தல் நாளும் வந்தாச்சு. பூத்துக்குப் போறீங்க. அங்க இருக்கிற அலுவலர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துட்டு, "உங்க பேர் இல்லையே" அப்படின்னு சொல்றார். அப்போ என்ன பண்ண முடியும்?

ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியதுதான். வோட்டர் ஐடி என்பது நீங்க யார்னு காட்டுற ஒரு அட்டை, அவ்வளவுதான். ஓட்டு போடும் உரிமையைத் தருவது அந்த அட்டை இல்லை. அந்தக் குறிப்பிட்ட வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியலில் உங்க பெயர் இருக்கிறதுதான். இந்த வீடியோவில் சொல்லப் போற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் வருது.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற தமிழ் இளைஞர்களுக்கு இதில் கூடுதலா ஒரு குழப்பம் இருக்கு. ஓட்டு ஊர்லயா, இங்கயா? அதை ஒரு நிஜத் தேர்தலை வெச்சே பார்த்துடலாம்.

ஜூபிலி ஹில்ஸ், நவம்பர் 11, 2025

ஜூபிலி ஹில்ஸ் எம்.எல்.ஏ. மாகண்டி கோபிநாத் 2025 ஜூனில் காலமானார். அதனால் அந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஜூபிலி ஹில்ஸ்னு சொன்னதும் சினிமா நட்சத்திரங்களின் பங்களாக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா சட்டமன்றத் தொகுதி என்பது யூசுஃப்குடா, போரபண்டா, எர்ரகட்டா, ரஹ்மத் நகர் மாதிரியான நெருக்கமான பகுதிகள். பங்களாக்கள் இருக்கிற பகுதியில் பெரும்பாலானது பக்கத்து கைரதாபாத் தொகுதியில் வருது. நீங்க இருக்கிற ஏரியாவின் பெயரும் தொகுதியின் பெயரும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கச்சிபௌலி, மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கம் இருக்கிறவங்களும் கவனிங்க. உங்க தொகுதி செரிலிங்கம்பள்ளி. அது ஹைதராபாத் மாவட்டத்திலேயே இல்லை, ரங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கு. மக்களவைத் தேர்தல்னு வந்தா ஹைதராபாத் தொகுதியில் இல்லை, செவெல்லாவில் ஓட்டு போடணும்.

இப்போ ஒரு கற்பனை. யூசுஃப்குடாவில் ஒரு வாடகை வீட்டில் மூணு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். முதல் ஆள், தேனியிலிருந்து வந்த 23 வயசுப் பொண்ணு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இதுவரைக்கும் எங்கேயும் பெயர் பதிவு செய்யலை. ரெண்டாவது ஆள் திருநெல்வேலிக்காரப் பொண்ணு. காலேஜ் படிக்கும்போது நடந்த முகாமில் பெயர் கொடுத்து வோட்டர் ஐடி வாங்கிட்டாங்க. ஆனா ஒரு தடவைகூட ஓட்டு போட்டதில்லை. மூணாவது, தேனிப் பொண்ணோட தங்கச்சி. இங்கயே காலேஜில் சேர்ந்திருக்கு. 2025 ஆகஸ்ட் 20-ல் பதினெட்டு வயசு முடிஞ்சது.

நவம்பர் 11 அன்னைக்கு மூணு பேருக்கும் பதினெட்டு வயசு தாண்டியிருக்கு. மூணு பேருமே இந்தியக் குடிமக்கள், ஒரே வீட்டில் குடியிருக்காங்க. ஆனா அவங்கள்ல ஒருத்தர் மட்டும்தான் ஓட்டு போட முடியும். ஏன்னு பார்க்கலாம்.

தங்கச்சிக்கு ஏன் ஓட்டு இல்லை?

தேர்தல் நாளன்னைக்கு பதினெட்டு வயசு ஆகியிருந்தா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சட்டம் பார்க்கிறது வேற ஒரு தேதியை. அதுக்கு 'தகுதி நாள்'னு பேரு. முன்னாடி வருஷத்துக்கு ஒரே ஒரு தகுதி நாள்தான், ஜனவரி 1. ஜனவரி 2-ல் பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்கணும். 2022 ஆகஸ்ட் முதல் இது நாலு நாளா மாறிடுச்சு. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

ஜூபிலி ஹில்ஸ் இடைத்தேர்தலுக்கான பட்டியல் 2025 ஜூலை 1-ஐத் தகுதி நாளா வெச்சுத் தயாரானது. அன்னைக்கு தங்கச்சிக்கு பதினேழு வயசுதான். ஆகவே பட்டியலில் இடம் இல்லை. ஓட்டுப்பதிவு நாளில் பதினெட்டு வயசும் கிட்டத்தட்ட மூணு மாசமும் ஆகியிருந்தாலும் அது கணக்கில் வராது. கொஞ்சம் கறாரான விதிதான். ஆனா ஏதோ ஒரு தேதியில் பட்டியலை நிறுத்தித்தானே ஆகணும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கு. பதினேழு வயசு முடிஞ்சாலே முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். எந்தக் காலாண்டில் பதினெட்டு முடியுதோ, அதுக்கு அடுத்து வர்ற தகுதி நாள் கணக்கில் அந்த விண்ணப்பத்தை எடுத்துப் பரிசீலிப்பாங்க. தங்கச்சியைப் பொறுத்தவரை அது அக்டோபர் 1.

தேனிப் பொண்ணுக்கு: படிவம் 6

முதல்முறையா பெயர் சேர்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு படிவம்தான். படிவம் 6. voters.eci.gov.in தளத்தில் மொபைல் எண் கொடுத்துப் பதிவு செஞ்சுட்டு நிரப்பலாம். ஆன்லைனில் அனுப்பும்போது ஆதாரோடு இணைச்ச மொபைல் எண்ணைக் கையில் வெச்சுக்குங்க, சரிபார்ப்பு ஓடிபி அதுக்குத்தான் வரும். ஆன்லைன் வேண்டாம்னா உங்க பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், அதாவது பி.எல்.ஓ.கிட்ட, காகிதத்திலேயே கொடுக்கலாம்.

வயசுக்குச் சான்று பெரிய பிரச்சினை இல்லை. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ சான்றிதழ், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், இதில் பிறந்த தேதி இருக்கிற ஏதாவது ஒண்ணு போதும்.

சிக்கல் முகவரிச் சான்றில்தான். ஆதார்ல தேனி முகவரி. பாஸ்போர்ட்லயும் தேனி. கரன்ட் பில் ஹவுஸ் ஓனர் பேரில். கையில் இருக்கிறது 11 மாச வாடகை ஒப்பந்தம், அதுவும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து போட்டதோட சரி. படிவம் கேட்கிறது பதிவு செய்யப்பட்ட வாடகைப் பத்திரம். நாம போடுற 11 மாச ஒப்பந்தத்தை யாரும் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டு போறதில்லை. அதனால் அதை மட்டும் நம்பி விண்ணப்பித்தா நிராகரிப்பு வரலாம்.

இங்கே நடைமுறையில் எளிதான வழி பேங்க் பாஸ்புக். படிவம் 6 ஏற்கும் முகவரிச் சான்றுகளில் வங்கி அல்லது அஞ்சலகத்தின் நடப்பு பாஸ்புக்கும் உண்டு. கணக்கில் ஹைதராபாத் முகவரியை மாத்திட்டு, அந்த முகவரி அச்சான பாஸ்புக் பக்கத்தை ஸ்கேன் பண்ணிப் போடலாம். இல்லைன்னா ஆதாரில் முகவரியை மாத்துங்க. ஹவுஸ் ஓனர் பேரில் இருக்கிற கரன்ட் பில்லை மட்டும் வெச்சு விண்ணப்பிக்காதீங்க. அதில் உங்க பெயரும் இல்லை, உங்களுக்கும் அவருக்கும் உறவும் இல்லை.

பெயர் எழுதுற இடத்தில் தமிழர்கள் கொஞ்சம் நிதானிக்கணும். நமக்கு இனிஷியல், தெலுங்குக்காரங்களுக்கு வீட்டுப்பெயர் முன்னாடி வரும். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப்பெயர் இருந்தா மட்டும் நிரப்பினா போதும். ஆதாரில் எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததும் தளமே தெலுங்கில் மாத்திக் காட்டும். அது தப்பா இருந்தா பட்டியலிலும் தப்பாத்தான் ஏறும். தெலுங்கு வாசிக்கத் தெரியாதுன்னா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட அந்த ஒரு வரியைக் காட்டிடுங்க.

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதோட வேலை முடியலை. பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து பார்ப்பார். பகல்ல வருவார், நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. கதவு பூட்டியிருந்தா "இந்த முகவரியில் ஆள் இல்லை"ன்னு அறிக்கை போக வாய்ப்பு இருக்கு. விண்ணப்பங்கள் விழுந்துபோறதுக்கு இது ரொம்ப சாதாரணமான காரணம். உங்க பகுதி பி.எல்.ஓ.வின் பெயரும் எண்ணும் அதே தளத்தில் கிடைக்கும். நீங்களே கூப்பிட்டு "எப்போ வருவீங்க"ன்னு கேட்டுடுங்க. பி.ஜி.யில் இருந்தா வார்டன்கிட்டயும் சொல்லி வையுங்க.

நேரம் எங்கே முடியுது?

இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது 2025 அக்டோபர் 6. வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள் அக்டோபர் 21. ஓட்டுப்பதிவு நவம்பர் 11. இதில் வாக்காளருக்கு முக்கியமான தேதி நடுவில் இருக்கிற அக்டோபர் 21.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 23-வது பிரிவுப்படி, மனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அதுக்கு முன்னாடி இன்னொரு தடையும் இருக்கு. உங்க விண்ணப்பம் வந்திருக்குன்னு ஏழு நாள் அறிவிப்பில் போட்டு, யாருக்காவது ஆட்சேபம் இருக்கான்னு பார்த்த பிறகுதான் வாக்காளர் பதிவு அலுவலர் முடிவெடுக்க முடியும். அதனாலதான் மனு தாக்கல் முடிய பத்து நாளைக்கு முன்னாடியே விண்ணப்பிக்கச் சொல்றாங்க. கணக்குப் போட்டா அக்டோபர் 11 வருது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஐந்தே நாள்.

தேனிப் பொண்ணு அக்டோபர் 8-ல் படிவத்தை அனுப்பி, பி.எல்.ஓ. வந்தப்போ வீட்டில் இருந்தாங்கன்னு வெச்சுக்கிட்டா, நேரத்துக்குள்ள பெயர் ஏறிடும். போஸ்டர் ஒட்டி, மைக் கட்டி, தெருவெல்லாம் கட்சிக்காரங்க வந்து ஓட்டு கேட்கிறது வேட்புமனு முடிஞ்ச பிறகுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு "அட, தேர்தல் வருதே"ன்னு விண்ணப்பிக்கிறவர், அந்தத் தேர்தலைத் தவற விட்டுட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டா 15 நாளுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். ஹைதராபாத் மாவட்டத்துக்குத் தேர்தல் அதிகாரி மாநகராட்சி ஆணையர்.

திருநெல்வேலிக்காரருக்கு: ஊரா, இங்கயா?

இவங்ககிட்ட அட்டை இருக்கு. அதனால் எதுவும் செய்யாம இருந்தாங்க. நவம்பர் 11 அன்னைக்கு அட்டையோட பூத்துக்குப் போனா பெயர் இருக்காது. ஏன்னா பெயர் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்து பாகத்தில் இருக்கு.

இவங்க செய்திருக்க வேண்டியது படிவம் 8. படிவம் 6 இல்லை. முகவரி மாற்றம், எழுத்துப் பிழை திருத்தம், தொலைஞ்ச அட்டைக்கு மாற்று அட்டை எல்லாத்துக்கும் படிவம் 8-தான். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறினாலும் அதே. பழைய எபிக் எண்ணைக் கொடுத்தா, அங்கே பெயர் நீங்கி இங்கே சேரும். எண் மாறாது.

"அதெதுக்கு, புதுசா படிவம் 6 போட்டுடுறேன், ஊர்லயும் இருக்கட்டும், இங்கயும் இருக்கட்டும்"னு சில பேர் செய்யறாங்க. வேண்டாம். படிவம் 6-ல் 'வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை'ன்னு நீங்க உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்து போடுறீங்க. அது பொய்யா இருந்தா அதே 1950 சட்டத்தின் 31-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ ரெண்டுமோ கிடைக்கலாம்.

சரி, எங்கே வெச்சுக்கிறது? சட்டம் கேட்கிறது 'வழக்கமாக வசிக்கும் இடம்' எது என்பதை. ஊரில் சொந்த வீடு இருக்கிறது மட்டும் போதாதுன்னு 20-வது பிரிவு சொல்லுது. தற்காலிகமா ஊரை விட்டுப் போயிருந்தா உரிமை போயிடாதுன்னும் அதே பிரிவு சொல்லுது. ஆறு மாச டிரெய்னிங்குக்கு வந்திருந்தா ஊர்லயே இருக்கட்டும். மூணு வருஷமா யூசுஃப்குடாவில் குடியிருந்து, தண்ணி வராததுக்கும் ரோடு சரியில்லாததுக்கும் இங்கத்தி ஆளைத்தான் திட்டுறீங்கன்னா, ஓட்டும் இங்க இருக்கிறது நியாயம்னு நான் சொல்வேன். ஆனா அது உங்க முடிவு.

ஊரில் அப்படியே விட்டு வைக்கிறதிலும் இப்போ ஆபத்து இருக்கு. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ல் தொடங்கின சிறப்பு தீவிர திருத்தத்தில், அதாவது எஸ்.ஐ.ஆர்.-இல், டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தப்போ சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்னு கணக்கு. வேலைக்காக வெளியூர் போய், வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தை யாரும் நிரப்பித் தராதவங்களும் அந்த வகையில்தான் வருவாங்க. அதனால் முதலில் உங்க பெயர் எங்கே இருக்குன்னு பாருங்க. electoralsearch.eci.gov.in-ல் எபிக் எண் போட்டா தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வந்துடும். ஊரிலும் பெயர் இல்லை, எங்கேயும் இல்லைன்னா, நீங்க மறுபடியும் படிவம் 6-லிருந்துதான் தொடங்கணும்.

ஹைதராபாத்தில் உட்கார்ந்துக்கிட்டே திருநெல்வேலிக்கு ஓட்டு போட வழி இருக்கான்னா, இல்லை. தபால் ஓட்டு ராணுவத்தினர், தேர்தல் பணியாளர்கள், மூத்த குடிமக்கள் மாதிரி சில பிரிவினருக்கு மட்டும்தான். இடம்பெயர்ந்தவர்களுக்காக, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய ஒரு தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டவும் ஏற்பாடு செய்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளலை. பேச்சு அதோட நின்னுபோச்சு.

பூத்துக்கு என்ன எடுத்துப் போகணும்?

பட்டியலில் பெயர் இருக்குன்னா அட்டை இல்லாட்டிகூட ஓட்டு போடலாம். வோட்டர் ஐடி தவிர 12 ஆவணங்களைத் தேர்தல் ஆணையம் ஏத்துக்குது. நம்மகிட்ட வழக்கமா இருக்கிறது ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக். இதில் ஏதாவது ஒண்ணு போதும். படிவம் 8 போட்டு மாத்திட்டீங்க, ஆனா கையில் பழைய தமிழ்நாட்டு அட்டைதான் இருக்குன்னாலும் கவலை வேண்டாம். வேற தொகுதியில் கொடுத்த அட்டையும் அடையாளத்துக்குச் செல்லும், பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிற வரைக்கும்.

எது செல்லாதுன்னும் தெரிஞ்சுக்குங்க. தமிழ்நாட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. கழுத்துல மாட்டியிருக்கிற கம்பெனி ஐடியை நம்பிப் போகாதீங்க. அரசு, பொதுத்துறை, பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களின் அடையாள அட்டைக்குத்தான் இடம் இருக்கு, பிரைவேட் லிமிடெட் அதில் வராது. வீட்டுக்கு வந்து தர்ற பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் இல்லை. அது வரிசை எண்ணைச் சீக்கிரம் கண்டுபிடிக்க மட்டும்.

முக்கியமா, அடையாள அட்டையைக் காகிதமாவோ கார்டாவோ எடுத்துப் போங்க. எல்லாமே டிஜிலாக்கர்ல இருக்குன்னு கையை வீசிட்டுப் போனா, போன் உள்ளே போகாது. 2025-லிருந்து வாக்குச்சாவடி வாசலுக்குப் பக்கத்தில் போனை அணைச்சுக் கொடுத்து வைக்க ஏற்பாடு இருக்கு. அதுக்கு மேல் போன் கூடாது. டவுன்லோடு செஞ்ச இ-எபிக்னா பிரிண்ட் எடுத்துக்குங்க.

உள்ளே நடக்கிறது

[திரையில்: வாக்குச்சாவடி அறையின் வரைபடம்]

அறைக்குள் நுழைஞ்சதும் முதல் அலுவலர். அவர்கிட்டதான் பட்டியல் இருக்கும். உங்க அடையாள அட்டையைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமா வாசிப்பார். கட்சிகளின் பூத் ஏஜென்ட்கள் கேட்கட்டும்னுதான் அந்தச் சத்தம். "இவர் அந்த ஆள் இல்லை"ன்னு அவங்க ஆட்சேபிக்கலாம். பட்டியலில் பெயரைக் குறிச்சுட்டு உங்களை அனுப்புவார்.

ரெண்டாவது அலுவலர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். நகத்தின் மேலிருந்து முதல் மூட்டு வரை கோடு மாதிரி. தேர்தல் ஆணையத்துக்கு அந்த மையைச் செய்து தருவது மைசூரு பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்கிற கர்நாடக அரசு நிறுவனம். அதில் இருக்கிற சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டதும் தோலோடும் நகத்தோடும் ஒட்டிக் கறுத்துடும், சோப்பு போட்டாலும் போகாது. பிறகு 17ஏ என்கிற பதிவேட்டில் கையெழுத்து. ஒரு சின்னச் சீட்டு தருவார்.

மூணாவது அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிட்டு, விரல் மையைப் பார்த்துட்டு, கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பட்டனை அழுத்துவார். அவர் அழுத்தினாத்தான் மறைப்புக்குள் இருக்கிற இயந்திரம் ஒரு ஓட்டுக்குத் தயாராகும். பச்சை விளக்கு எரியும். உங்க வேட்பாளர் பெயருக்கு நேரா இருக்கிற நீல பட்டனை அழுத்துங்க. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

உடனே திரும்பிடாதீங்க. பக்கத்தில் இருக்கிற விவிபேட் பெட்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு தெரியும். நீங்க ஓட்டு போட்டவரோட வரிசை எண், பெயர், சின்னம். ஏழு விநாடி நிக்கும், பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். நீளமா ஒரு பீப் சத்தம் கேட்டா ஓட்டு பதிவாகிடுச்சு. அந்தச் சீட்டு உங்க கைக்கு வராது. போன் இருந்தாலும் போட்டோ எடுக்கக் கூடாது.

ஜூபிலி ஹில்ஸில் இதுவே கொஞ்சம் திணறடிக்கிற அனுபவமா இருந்திருக்கும். அங்க 58 பேர் போட்டியிட்டாங்க. நோட்டாவோட சேர்த்து 59. ஒரு இயந்திரத்தில் 16 பட்டன்தான். அதனால் ஒவ்வொரு பூத்திலும் நாலு இயந்திரங்களை வரிசையா வெச்சாங்க. மறைப்புக்குள் போய் நின்னு தேட ஆரம்பிச்சா பதற்றம் வரும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், நோட்டா எல்லாத்துக்கும் கீழே. இந்த வரிசை தெரிஞ்சா எந்த இயந்திரத்தில் பார்க்கணும்னு தெரிஞ்சுடும். தெலுங்கு வாசிக்க வராதவங்களுக்குச் சின்னமும் வேட்பாளரின் போட்டோவும் துணை. இந்த இயந்திரங்களைத் தயாரிக்கிற ரெண்டு பொதுத்துறை நிறுவனங்களில் ஒண்ணான இசிஐஎல் இதே ஹைதராபாத்தில்தான் இருக்கு.

நீங்க அழுத்தினது ஒண்ணு, சீட்டில் வந்தது வேறன்னா வெளியே வராம அங்கேயே தலைமை அலுவலர்கிட்ட சொல்லணும். எழுத்துப்பூர்வமா உறுதிமொழி வாங்கிட்டு, அவர் முன்னிலையிலும் ஏஜென்ட்கள் முன்னிலையிலும் ஒரு சோதனை ஓட்டு போடச் சொல்வாங்க. புகார் உண்மைன்னா அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவை நிறுத்திடுவாங்க. பொய்யா இருந்தா உங்க மேல நடவடிக்கை வரும்.

'சர்கார்' படமும் வாட்ஸ்அப் வதந்தியும்

உங்க பெயரில் வேற யாரோ ஓட்டு போட்டுட்டா? 2018-ல் வந்த விஜய்யின் 'சர்கார்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் 49பி-ன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அது சட்டப்பிரிவு இல்லை, 1961-ஆம் வருஷத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதி. அதில் கிடைக்கிறதுக்குப் பேரு ஆய்வுக்குரிய வாக்கு. நீங்கதான் அந்த ஆள்னு தலைமை அலுவலர் திருப்தி அடைஞ்சா, இயந்திரத்தில் இல்லாம, ஒரு காகித வாக்குச்சீட்டு தருவார். அதில் முத்திரை குத்தி மடிச்சுக் கொடுத்தா தனி உறையில் போட்டு வைப்பாங்க. படத்தில் சொல்லாம விடுகிற மாதிரி தோணுற ஒரு விஷயம் என்னன்னா, ஓட்டு எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டாங்க. வெற்றி வித்தியாசம் ரொம்பக் குறைவா இருந்து யாராவது தேர்தல் வழக்கு போட்டா, நீதிமன்றம் சொன்னாத்தான் அது வெளியே வரும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுத்தும். "பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு கேளுங்க" அப்படின்னு. அது தவறு. சேலஞ்ச் என்பது பூத் ஏஜென்ட், ரெண்டு ரூபாய் கட்டி, உங்க அடையாளத்தை எதிர்த்துக் கேட்கிறது. நீங்க கேட்டு வாங்குற ஓட்டு இல்லை. 49பி-யும் சரி, சேலஞ்சும் சரி, பட்டியலில் பெயர் இருக்கிறவங்க விஷயத்தில் மட்டும்தான்.

லீவு கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் சம்பளத்தோட. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135பி பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். உங்க ஓட்டு தமிழ்நாட்டில் இருந்து, ஆபீஸ் ஹைதராபாத்தில் இருந்தாலும் அங்கே வாக்குப்பதிவு நடக்கிற நாளில் உங்களுக்கு லீவு உண்டுன்னு தேர்தல் ஆணையம் தெளிவாச் சொல்லியிருக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, தெலங்கானாவில் மே 13. "இங்க இன்னும் எலெக்‌ஷனே இல்லையே"ன்னு மேனேஜர் கேட்டா இந்தப் பிரிவைக் காட்டலாம். நீங்க இல்லாட்டி ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும்ங்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனா லீவு ஒரு நாள்தான். பஸ்ல திருநெல்வேலி போய் வர்ற நேரத்துக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

ஜூபிலி ஹில்ஸில் ஓட்டுப்பதிவு காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை நடந்தது. ஆபீஸ் முடிச்சுட்டு அஞ்சே முக்காலுக்கு ஓடி வர்றவங்களும் ஓட்டு போடலாம். ஆறு மணிக்கு வரிசையில் நிக்கிறவங்களுக்கு, கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னாடி வரைக்கும், எண் போட்ட சீட்டு கொடுப்பாங்க. கடைசியிலிருந்து கொடுக்கிறதே புதுசா யாரும் பின்னாடி வந்து சேர்ந்துடக் கூடாதுன்னுதான். அந்தச் சீட்டு கையில் இருந்தா, எட்டு மணி ஆனாலும் உங்க முறை வரும் வரை பூத்தை மூட மாட்டாங்க.